சிக் லீவு தீர்ந்த பிறகு சம்பளம் என்ன ஆகும்? மதுரைக் கடை ஊழியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாசி வீதிகளிலும் விளக்குத்தூணைச் சுற்றியும் உள்ள ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆறேழு வாரம் ஓய்வு எடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கையில் மிச்சமிருக்கும் சிக் லீவு 8 நாள்தான். அதன் பிறகு வரும் நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்று கடையில் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த நாட்களுக்கு வரவேண்டிய வேறொரு பணம் இருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ என்று பிடிக்கிறார்களே, அதிலிருந்து வருவது. மாத்திரை வாங்கத்தான் அந்தப் பிடித்தம் என்று நினைத்துக்கொண்டு பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களிலும் பலர், சான்றிதழில் ஒரு தேதி தவறியதால் பாதிப் பணத்தை இழக்கிறார்கள்.

இந்த ஒரே ஆளின் கணக்கை எடுத்து, முதல் நாளிலிருந்து வேலைக்குத் திரும்பும் நாள் வரை என்ன செய்யவேண்டும் என்று பார்ப்போம். அவருக்கு மாதச் சம்பளம் 15,600 ரூபாய். கடையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். ஆகஸ்ட் 3 முதல் படுக்கை. செப்டம்பர் 21 அன்று திரும்பவும் வேலை. மொத்தம் 49 நாள்.

முதலில், உங்களுக்கு எத்தனை நாள் உரிமை?

கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன்படி 12 மாதத்துக்கு மூன்று வகை விடுப்பு உண்டு. நோய்க்காகச் சம்பளத்துடன் 12 நாள். தற்செயல் விடுப்பாக, அதாவது கேஷுவல் லீவாக, 12 நாள். ஓர் ஆண்டு தொடர்ச்சியாக வேலை பார்த்து முடித்தவருக்கு இவை தவிர ஆண்டு விடுப்பு 12 நாள். நோய் விடுப்பும் தற்செயல் விடுப்பும் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கிடைக்கும். 'புதுசா வந்த ஆளுக்குச் சிக் லீவு கிடையாது' என்று சொல்வது சட்டப்படி சரியல்ல.

இதில் கவனிக்க வேண்டியது, ஆண்டு விடுப்பை மட்டும்தான் சேர்த்து வைக்க முடியும். அதுவும் அதிகபட்சம் 24 நாள் வரை. எடுக்காத சிக் லீவு அடுத்த ஆண்டுக்கு வராது. ஐந்து வருஷமாக ஒரு நாள்கூட சிக் லீவு போடாதவருக்கும் காமாலை வந்தால் 12 நாள்தான். படுத்த அன்றே கடை மேனேஜரிடம் மூன்று கணக்கையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்: சிக் லீவு எத்தனை மிச்சம், கேஷுவல் எத்தனை, ஆண்டு விடுப்பு எத்தனை. 'லீவு 8 நாள் இருக்கு' என்று மொத்தமாகச் சொன்னால் பின்னால் கணக்கு நிற்காது.

நூற்பாலை, ஆலைத் தொழிலாளர்களுக்கு நிலைமை வேறு. தொழிற்சாலைகளுக்கான சட்டத்தில் சிக் லீவு என்று தனியாக இல்லை. வேலை செய்த 20 நாளுக்கு 1 நாள் என்று சேரும் ஈட்டிய விடுப்புதான் உண்டு. நோய்க்காக அதை எடுக்கும்போது முன்கூட்டியே விண்ணப்பிக்கவில்லை என்ற காரணத்தால் மறுக்கக்கூடாது என்று 2025 வரை இருந்த தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. அதனால் ஆலையில் இருப்பவருக்கு ஈ.எஸ்.ஐ இன்னும் முக்கியம்.

ஈ.எஸ்.ஐ-யில் இருக்கிறீர்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடை என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இதற்குள் வருவார். மாற்றுத்திறனாளிக்கு இந்த வரம்பு 25,000. ஊழியரிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டவேண்டும். 15,600 சம்பளத்துக்கு உங்கள் பங்கு 117 ரூபாய். சம்பளச் சீட்டில் அந்த 117 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உங்களுக்குப் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணும் இருக்கவேண்டும்.

பிடித்தது கட்டப்பட்டதா என்பது வேறு கேள்வி. ஈ.எஸ்.ஐ இணையதளத்தில் காப்பீட்டு எண்ணை வைத்து உள்ளே போனால், ஒவ்வொரு மாதமும் எத்தனை நாளுக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு முதலாளி பணம் கட்டியிருக்கிறார் என்று தெரியும். இதை நோய் வந்த பிறகு பார்ப்பதைவிட உடம்பு நன்றாக இருக்கும்போதே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பது நல்லது. ஏனென்றால் உதவித்தொகை கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்ற இரண்டையுமே இந்தப் பதிவுதான் தீர்மானிக்கிறது. ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடப் பணம் நின்றுவிடும்.

எந்த ஆறு மாதம், எந்த ஆறு மாதத்துக்கு

பலரும் குழம்புவது இங்கேதான். ஈ.எஸ்.ஐ ஓர் ஆண்டை இரண்டு சந்தா காலமாகப் பிரித்திருக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது, அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை பயன் தரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன் தரும். ஒவ்வொரு பயன் காலத்துக்கும், அதற்குரிய சந்தா காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருக்கவேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சேர்ந்த தேதியிலிருந்து 9 மாதம் கழித்துத்தான் முதல் பயன் காலம் தொடங்கும். ஆக, சேர்ந்த நாலாம் மாதமே படுத்துவிட்டால் மருத்துவம் கிடைக்கும், பணம் கிடைக்காது.

நம் ஊழியர் படுத்தது ஆகஸ்டில். அதனால் பார்க்கவேண்டியது முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரை. அந்த ஆறு மாதத்தில் அவர் விடுப்பில்லாமல் வேலை பார்த்திருக்கிறார். மொத்தச் சம்பளம் 93,600. நாட்கள் 182. நாள் சராசரி 514 ரூபாய் 29 காசு. நோய்க்கால உதவித்தொகை இதில் 70 சதவீதம். ஆக, ஒரு நாளுக்கு 360 ரூபாய்.

இரண்டு தொடர்ச்சியான பயன் காலங்களில், அதாவது ஓர் ஆண்டில், மொத்தம் 91 நாள் வரை இது கிடைக்கும். நோயின் முதல் 2 நாளுக்கு உதவித்தொகை கிடையாது. அது காத்திருப்பு நாள். முன்பு உதவித்தொகை வாங்கிய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் இந்த 2 நாளைக் கழிக்கமாட்டார்கள்.

முதல் நாள்: டிஸ்பென்சரியும் தகவலும்

காய்ச்சல் அடித்ததும் தெருவிலுள்ள டாக்டரிடம் ஓடுவது இயல்பு. ஊசி போட்டுக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் அன்றே அல்லது மறுநாளே, உங்கள் பெயர் பதிவாகியிருக்கும் ஈ.எஸ்.ஐ டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள். சிக்கலான நிலை என்றால் அங்கிருந்து தத்தனேரி ஈ.எஸ்.ஐ மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சான்றிதழின் தேதி டாக்டர் உங்களைப் பரிசோதித்த நாளிலிருந்துதான் ஓடும். ஐந்து நாள் கழித்துப் போய், 'போன திங்கட்கிழமையிலிருந்தே படுத்திருக்கேன் சார், அப்படியே எழுதிக்கொடுங்க' என்றால் அவரால் எழுத முடியாது. அந்த ஐந்து நாளும் பணமில்லாமல் போகும்.

அன்றே கடைக்கும் தகவல் போகவேண்டும். போனில் சொன்னால் போதாது, எழுத்தில் இருக்கவேண்டும். வாட்ஸ்அப் போதும். இப்படி எழுதலாம்:

'வணக்கம் சார். ஆகஸ்ட் 3-ல இருந்து மஞ்சள் காமாலை. ஈ.எஸ்.ஐ டிஸ்பென்சரியில காட்டியிருக்கேன். சான்றிதழ் நகல் அனுப்பியிருக்கேன். மீதியுள்ள சிக் லீவு 8 நாளையும் ஆகஸ்ட் 3 முதல் 10 வரைக்கும் எடுத்துக்கிடுங்க. 11-ஆம் தேதியில இருந்து சம்பளமில்லா விடுப்பு. அந்த நாளுக்கு ஈ.எஸ்.ஐ-யில கேட்டுக்கிறேன்.'

இந்தச் செய்தியின் கடைசி மூன்று வரிகள்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். எந்த நாள் சம்பளத்துடன், எந்த நாள் சம்பளமில்லாமல் என்பது இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி தெரிந்திருக்கவேண்டும். காரணம் எளிது: ஒரே நாளுக்குக் கடையிலிருந்து சம்பளமும் ஈ.எஸ்.ஐ-யிலிருந்து உதவித்தொகையும் சேர்த்து வாங்க முடியாது.

எந்த விடுப்பை முதலில் எடுப்பது?

சம்பளத்துடன் கூடிய ஒரு நாள் விடுப்பு ஆகஸ்டில் 503 ரூபாய்க்குச் சமம். அதே நாளை ஈ.எஸ்.ஐ-க்கு விட்டால் 360 ரூபாய். ஆகவே நோய் நீளும் என்று தெரிந்தால், சிக் லீவை முதலில் தீர்ப்பதே சரி. அதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. முதல் 2 காத்திருப்பு நாளும் இந்தச் சிக் லீவுக்குள் வந்துவிடுவதால் அந்த நட்டமும் இல்லை.

ஆண்டு விடுப்பில் மட்டும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அதைச் சேர்த்து வைக்க முடியும் என்பதால், ஈ.எஸ்.ஐ பணம் கிடைக்கும்போது அதைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது. காமாலை போன்ற நோயில் திரும்பி வந்தபின்னும் பரிசோதனைக்கும் அசதிக்கும் நாள் தேவைப்படும். கையில் ஒன்றுமில்லாமல் வேலைக்குத் திரும்புவது கஷ்டம்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. முதல் 8 நாள் சம்பளத்துடன் விடுப்புதானே, சான்றிதழ் எதற்கு என்று விட்டுவிட்டு, 9-ஆம் நாள்தான் டிஸ்பென்சரிக்குப் போவார்கள். அப்போது ஈ.எஸ்.ஐ கணக்கில் நோய் தொடங்குவதே 9-ஆம் நாள். அதிலிருந்து 2 காத்திருப்பு நாள் கழியும். 720 ரூபாய் போச்சு. முதல் நாளிலிருந்தே சான்றிதழ் இருந்தால் 11-ஆம் தேதியிலிருந்து நேராகப் பணம் ஓடும்.

சான்றிதழ்: இடைவெளி விழக்கூடாது

ஈ.எஸ்.ஐ டாக்டர் முதலில் தருவது முதல் சான்றிதழ். நோய் தொடர்ந்தால் சுமார் ஏழு நாளுக்கு ஒருமுறை இடைச் சான்றிதழ். நீண்டகால நோய் என்று டாக்டர் கருதினால் நான்கு வாரம் வரைக்குச் சேர்த்துச் சிறப்பு இடைச் சான்றிதழ் தரலாம். முடிவில், எந்தத் தேதியிலிருந்து வேலைக்குத் தகுதி என்று சொல்லும் இறுதிச் சான்றிதழ். கடையில் 'ஃபிட்னஸ்' என்று கேட்பது இதைத்தான்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். டிஸ்பென்சரி வாசலிலேயே நின்று படியுங்கள். காப்பீட்டு எண் சரியா? பரிசோதித்த தேதி இருக்கிறதா? முந்தைய சான்றிதழ் முடியும் நாளும் இது தொடங்கும் நாளும் ஒட்டி வருகின்றனவா? டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் உண்டா? ஒரு சான்றிதழ் ஆகஸ்ட் 17-ல் முடிந்து, அடுத்தது 23-ல் தொடங்கினால் நடுவில் 5 நாள் காலி. அந்த 5 நாளுக்கு 1,800 ரூபாய் கிடைக்காது. உடம்பு முடியாததால் டிஸ்பென்சரிக்கு வர முடியவில்லை என்றால் வீட்டு ஆளை அனுப்பி டாக்டரிடம் தெரியப்படுத்துங்கள். அடுத்த முறை போகும்போது காரணத்தைச் சொல்ல அது உதவும்.

சான்றிதழ் கிடைத்த 3 நாளுக்குள் ஈ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் சேர்க்கவேண்டும் என்பது விதி. 'எல்லாத்தையும் சேர்த்து கடைசியில ஒண்ணா கொடுத்துக்கலாம்' என்று விட்டால், கொடுத்த தேதிக்கு 3 நாளுக்கு முந்தைய காலத்தை மறுக்க அவர்களுக்கு இடமிருக்கிறது. ஒவ்வொரு சான்றிதழையும் முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கொடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள்.

தனியார் மருத்துவமனையில் படுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மயங்கி விழுந்து அவசரத்தில் சேர்த்துவிட்டார்கள், ஆறு நாள் கழித்துத்தான் டிஸ்சார்ஜ் என்றால் அந்தக் காலம் தானாகவே வீணாகிவிடாது. டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, டாக்டரின் பதிவு எண்ணுடன் கூடிய சான்றிதழ் ஆகியவற்றைக் கிளை அலுவலகத்தில் மாற்றுச் சான்றாகக் கொடுக்கலாம். அவர்கள் ஈ.எஸ்.ஐ மருத்துவ நடுவரிடம் அனுப்பிச் சரிபார்ப்பார்கள். கடைசி முடிவு அவர்களுடையது. காகிதம் எவ்வளவு முழுமையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பில்லை மட்டும் வைத்துக்கொண்டு போய் நிற்பது பலிக்காது. படுத்திருந்தீர்கள் என்பதையும் வேலை செய்ய முடியாத நிலை என்பதையும் அது சொல்லாது.

ஈ.எஸ்.ஐ-யில் இல்லாதவர் கடைக்குக் கொடுக்கும் சாதாரணச் சான்றிதழிலும் இதே கவனம் வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர், அவருடைய பதிவு எண், நோயின் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓய்வு, உங்கள் கையெழுத்து: இவை இருந்தால் அதைத் தள்ளுவது கடினம். 'பெட் ரெஸ்ட்' என்று மட்டும் மருந்துச் சீட்டின் ஓரத்தில் எழுதியிருப்பதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். காசுக்குக் கிடைக்கும் பொய்ச் சான்றிதழைத் தயவுசெய்து தொடாதீர்கள். சிக் லீவுக்கு அது ஓடிவிட்டாலும், மாட்டினால் ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே ஆதாரம் எழுதிக்கொடுத்தது மாதிரி.

பணம் கேட்பது

சான்றிதழோடு ஒரு கோரிக்கைப் படிவமும் கொடுக்கவேண்டும். படிவம் 9 என்று கேட்டால் தெரியும். அதில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரைக்குக் கேட்கிறீர்கள் என்று எழுதி, அந்த நாட்களில் வேலை செய்யவில்லை, சம்பளத்துடன் கூடிய விடுப்போ விடுமுறையோ எடுக்கவில்லை என்று உறுதிமொழி தருகிறீர்கள். நம் ஊழியர் எழுதவேண்டிய தேதி ஆகஸ்ட் 11 முதல்தான். ஆகஸ்ட் 3 முதல் என்று எழுதினால் அது பொய்யான உறுதிமொழி ஆகிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும். விழவில்லை என்றால் முதலில் கிளை அலுவலகம்; அங்கே பதில் இல்லையென்றால் கே.கே. நகரிலுள்ள ஈ.எஸ்.ஐ துணை மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

நீங்கள் வேலைக்கு வரவில்லை என்பதைக் கடையிடம் கேட்டு உறுதிசெய்யும் கடிதமும் அனுப்பப்படலாம். இந்த இடத்தில்தான் நல்ல மனசில் செய்த ஒரு காரியம் கெடுதலாக முடியும். 'பாவம், சம்பளம் போகுமே' என்று மேனேஜர் வருகைப் பதிவேட்டில் நாலு நாள் வந்ததாகக் குறித்திருப்பார். அந்த நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ பணமும் வாங்கியிருந்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். உங்கள் மீதே சந்தேகம் விழும். உதவ நினைக்கும் மேனேஜரிடம், வருகையைச் சரியாகப் போடுவதே பெரிய உதவி என்று சொல்லிவிடுங்கள்.

கடை தரப்பில் இன்னொரு பதிவு உண்டு. மாதச் சந்தா ஏற்றும்போது சம்பளமே இல்லாத மாதத்துக்குக் காரணம் போடவேண்டும். அங்கே `On Leave` என்று தேர்ந்தெடுக்கவேண்டும். தெரியாமலோ தெரிந்தோ `Left Service` என்று போட்டுவிட்டால், நீங்கள் வேலையை விட்டுப் போனதாகவே ஈ.எஸ்.ஐ பதிவாகும். நம் ஊழியருக்கு இரு மாதமும் கொஞ்சம் சம்பளம் இருப்பதால் இந்தச் சிக்கல் வராது. மாதம் முழுவதும் படுக்கையில் இருப்பவர்கள் மேனேஜரிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

சம்பளச் சீட்டை நீங்களே கணக்குப் போடுங்கள்

ஆகஸ்டில் 31 நாள். 1, 2 தேதிகளில் வேலை. 3 முதல் 10 வரை சிக் லீவு. ஆக 10 நாளுக்குச் சம்பளம் உண்டு, 21 நாள் சம்பளமில்லை. 15,600-ஐ 31-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்கினால் 5,032 ரூபாய். ஈ.எஸ்.ஐ-யிலிருந்து 21 நாளுக்கு, நாளுக்கு 360 வீதம் 7,560. இரண்டும் சேர்ந்து 12,592.

செப்டம்பரில் 30 நாள். 20 நாள் சம்பளமில்லை, 10 நாள் உண்டு. சம்பளம் 5,200, ஈ.எஸ்.ஐ 7,200, மொத்தம் 12,400. ஈ.எஸ்.ஐ-யைக் கேட்காமல் விட்டிருந்தால் இந்த இரண்டு மாதத்தையும் 10,232 ரூபாயில் ஓட்டியிருக்கவேண்டும். கேட்டதால் 24,992. (பி.எஃப் முதலிய பிடித்தங்கள் கழிக்காத கணக்கு இது.)

கடையின் கணக்கு உங்கள் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால் முதலில் எதை வகுத்தார்கள் என்று பாருங்கள். பல கடைகளில் சம்பளத்தை 26-ஆல் வகுத்து நாள் கூலி எடுப்பார்கள். மாதத்தில் வாரவிடுமுறை நீக்கி 26 வேலை நாள் என்பது அதன் பொருள். அதில் தவறில்லை, ஆனால் 26-ஆல் வகுத்தால் வராத நாளையும் வாரவிடுமுறை நீக்கித்தான் எண்ணவேண்டும். 26-ஆல் வகுத்துவிட்டு நாட்காட்டி நாள் 21-ஐக் கழித்தால் நாளுக்கு 600 வீதம் 12,600 போய், கையில் 3,000 மட்டுமே மிஞ்சும். 5,032 வரவேண்டிய இடத்தில் 2,032 குறைவு. இது தவறு என்பதற்கு ஒரு சோதனை போதும்: ஒருவர் 31 நாளும் வரவில்லை என்றால் இதே முறையில் 18,600 ரூபாய் பிடிக்கவேண்டும், சம்பளமோ 15,600-தான். வராத காலத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக்கூடாது என்பது ஊதியச் சட்டத்தின் விதி. இந்தச் சோதனையைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் பெரும்பாலான கணக்கர்கள் திருத்திக்கொள்வார்கள்.

சம்பளமில்லா நாட்களுக்கு பி.எஃப் சந்தாவும் போகாது. அந்த 41 நாளும் பி.எஃப் கணக்கில் சந்தா இல்லாத நாளாகப் பதிவாகும். பணிக்கொடைக்கு அது இடைவெளி ஆகாது. நோயால் வராமல் இருந்தது தொடர் பணியைத் துண்டிப்பதில்லை.

91 நாளும் தீர்ந்தால்

காமாலை 91 நாளைத் தாண்டுவது அரிது. ஆனால் காசநோய், புற்றுநோய், பக்கவாதம், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, கடுமையான மனநோய் போன்றவை தாண்டும். இப்படிப் பட்டியலிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு ஈ.எஸ்.ஐ நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை தருகிறது. விகிதம் 80 சதவீதம். நம் ஊழியரின் சராசரியில் அது நாளுக்கு 411 ரூபாய். முதலில் 124 நாள். மருத்துவக் குழு பரிந்துரைத்தால் இரண்டு ஆண்டு வரை நீளும். இதற்கு இரண்டு ஆண்டு தொடர் பணியும், முந்தைய நான்கு சந்தா காலங்களில் மொத்தம் 156 நாள் சந்தாவும் தேவை. நோய் பட்டியலில் வருகிறதா என்பதை 91-ஆம் நாள் வரை காத்திருக்காமல் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பட்டியலில் இல்லாத நோய் நீண்டால் அதற்கு மேல் பணம் கிடையாது. எஞ்சிய ஆண்டு விடுப்பும் சம்பளமில்லா விடுப்பும்தான். சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் ஈ.எஸ்.ஐ-யில் இல்லாதவருக்கு இந்த நிலை 12 நாள் சிக் லீவு தீர்ந்த மறுநாளே வந்துவிடும். மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரி செலவைத்தான் பார்க்கும், சம்பளத்தைப் பார்க்காது.

ஈ.எஸ்.ஐ உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் உங்களை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமையில்லை. 'இனி வரவேண்டாம்' என்று போனில் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமில்லாமல் நீக்கினால், கடைகள் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். அப்போது கையில் இருக்கவேண்டியவை அந்த வாட்ஸ்அப் செய்தியும் சான்றிதழ் நகல்களும்.

திரும்பிப் போகும்போது

இறுதிச் சான்றிதழில் எந்தத் தேதியில் வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கிறதோ அன்றே போய்ச் சேருங்கள். 21-ஆம் தேதி தகுதி என்று வாங்கிவிட்டு, நல்ல நாள் பார்த்து 24-ல் போனால் நடுவில் மூன்று நாளுக்குச் சம்பளமும் இல்லை, ஈ.எஸ்.ஐ-யும் இல்லை. இன்னும் அசதி இருக்கிறது, நாள் முழுக்க நிற்க முடியாது என்றால் அதை டாக்டரிடமே சொல்லுங்கள். இறுதிச் சான்றிதழுக்குப் பதில் இன்னொரு இடைச் சான்றிதழ் அவர் தரலாம். வாங்கிய பிறகு கடையில் சொல்வதால் பயனில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. நீங்கள் படுத்திருந்த காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள சந்தா காலத்துக்குள் வருகிறது. அதில் மொத்தம் 183 நாள். சம்பளமில்லாத 41 நாளைக் கழித்தால் 142 நாளுக்குச் சந்தா இருக்கும். 78-ஐத் தாண்டிவிட்டதால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கும் உரிமை உண்டு. அந்தக் காலத்தில் 105 நாளுக்கு மேல் சம்பளமில்லாமல் இருந்தவருக்கு இந்த உரிமை போய்விடும். மறுபடி ஜனவரியில் படுத்தால் பணம் வராது. ஆகவே அக்டோபர் பாதியில், செப்டம்பர் சந்தா ஏறியபின், இணையதளத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையுள்ள நாட்களைக் கூட்டிப் பாருங்கள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பத்துப் பத்து நாள் ஏறியிருக்கவேண்டும். சிக் லீவு எடுத்த 8 நாளும் அந்த ஆகஸ்ட் பத்துக்குள் அடங்கும், ஏனென்றால் அவற்றுக்குச் சம்பளம் வந்திருக்கிறது. ஆகஸ்டில் 2 நாள் மட்டும் ஏறியிருந்தால் கணக்கரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.